மூன்று பெருக்கல் போதும்

தேர்வு முடிந்த அன்று மாலைக்குள் வினாத்தாள் போட்டோவாகி வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். நான்காக மடித்த தாள், நடுவில் மடிப்புக்கோடு, பாதிப் பக்கத்தில் கை நிழல், எழுதி முடித்த வினாக்களுக்குப் பக்கத்தில் பேனாவால் போட்ட டிக். கணினி அறிவியல் படிக்கும் என் அக்கா மகள் அனுப்பிய அல்காரிதம் தாளும் அப்படித்தான் இருந்தது. டிக் போடாமல் சுழித்துவிட்டிருந்த ஒரு வினா:

T(n) = 3T(n/2) + n, T(1) = 1. இதைத் தீர்த்து வளர்வீதத்தைக் கூறுக.

கீழே ஒரு வரி எழுதியிருந்தாள்: "மாமா, ஆன்சர் n log n தானே?"

இல்லை. ஆனால் அவள் ஏன் அப்படி நினைத்தாள் என்பது புரிகிறது. வகுப்பில் முதலில் நடத்துவது மெர்ஜ் சார்ட். அதன் சமன்பாட்டில் 3 இருக்கும் இடத்தில் 2 இருக்கும். மற்றதெல்லாம் அச்சு அசல் இதேதான். அதற்கு விடை n log n. ஒரே ஒரு எண் மாறினால் விடை எவ்வளவு மாறிவிடும் என்று பழகாத கண்ணுக்குத் தெரியாது. இந்த வினாவின் உயிரே அந்த எண்ணில்தான் இருக்கிறது.

முதலில் அந்த வரி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். T(n) என்பது n அளவுள்ள ஒரு கணக்கை முடிக்க ஆகும் மொத்த வேலை. அந்தக் கணக்கை அப்படியே செய்யாமல், பாதி அளவுள்ள மூன்று சின்னக் கணக்குகளாக மாற்றுகிறோம், அதுதான் 3T(n/2). மாற்றுவதற்கும், கிடைத்த மூன்று விடைகளைச் சேர்த்துப் பெரிய விடையாக்குவதற்கும் n அளவு வேலை. அதுதான் கடைசியில் உள்ள + n. பாதியான கணக்குகளையும் இதே வழியில் மறுபடி பாதியாக்கிக்கொண்டே போவோம். அளவு 1 ஆனதும் பிரிக்க ஒன்றும் இல்லை, வேலை 1. பிரித்து வெல்லும் முறை என்று பாடநூல்கள் சொல்வது இதைத்தான்.

பாதியாகப் பிரித்தால் இரண்டு துண்டுதானே வரும், மூன்று எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் 1960-இல் மாஸ்கோவில் இருக்கிறது.

மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் ஆந்த்ரே கல்மகோரவ் ஒரு கருத்தரங்கு நடத்தினார். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய கணிதர்களில் ஒருவர். n இலக்க எண்கள் இரண்டைப் பெருக்க n² அளவு வேலை ஆகியே தீரும், அதற்குக் குறைந்த வழி கிடையாது என்பது அவருடைய ஊகம். பள்ளிக்கூடத்தில் நாம் செய்த பெருக்கலை நினைத்துப் பாருங்கள். மேலே உள்ள ஒவ்வொரு இலக்கத்தையும் கீழே உள்ள ஒவ்வொரு இலக்கத்தாலும் பெருக்குகிறோம். நான்கு இலக்கம் என்றால் 16 சின்னப் பெருக்கல்கள், நூறு இலக்கம் என்றால் பத்தாயிரம். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் பெருக்கி வந்திருக்கிறார்கள். இதைவிடக் குறைந்த வழி இருந்திருந்தால் இதற்குள் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று அவர் எண்ணியதில் நியாயம் இருந்தது. அந்தக் கருத்தரங்கில் உட்கார்ந்திருந்த 23 வயது மாணவர் அனத்தோலி கரட்சூபா. ஒரு வார அளவில் அந்த ஊகத்தை உடைத்துவிட்டார்.

அவர் செய்ததை நான்கு இலக்க எண்களில் காட்டலாம். 2315-ஐ 4208-ஆல் பெருக்க வேண்டும். முதல் எண்ணை 23, 15 என்றும் இரண்டாவதை 42, 08 என்றும் பிரித்துக்கொள்வோம். சாதாரணமாக யோசித்தால் நான்கு பெருக்கல்கள் வேண்டும்: 23 × 42, 23 × 8, 15 × 42, 15 × 8. முதலாவதுக்குப் பின்னால் நான்கு சுழி, நடுவில் உள்ள இரண்டையும் கூட்டி இரண்டு சுழி, கடைசியை அப்படியே வைத்துக் கூட்டினால் விடை.

இப்படி நான்காகப் பிரித்து ஒரு லாபமும் இல்லை. அதன் சமன்பாடு T(n) = 4T(n/2) + n. தீர்த்துப் பார்த்தால் பழையபடி n²-இல் போய் நிற்கும். பிரித்தாலே வேகம் வந்துவிடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

கரட்சூபா கவனித்தது நடுவில் உள்ள இரண்டு பெருக்கல்களை. அவை தனித்தனியாக நமக்குத் தேவையில்லை, அவற்றின் கூட்டுத்தொகை மட்டும் போதும். அந்தக் கூட்டுத்தொகையை ஒரே பெருக்கலில் எடுக்கலாம். 23-ஐயும் 15-ஐயும் கூட்டினால் 38. 42-ஐயும் 8-ஐயும் கூட்டினால் 50. இரண்டையும் பெருக்கினால் 1900. இந்த 1900-க்குள் நான்கு பெருக்கல்களின் பலனும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றில் ஓரத்தில் உள்ள இரண்டை எப்படியும் கணக்கிடத்தான் போகிறோம்: 23 × 42 = 966, 15 × 8 = 120. 1900-இலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் மிச்சம் 814. நடுவில் வேண்டிய கூட்டுத்தொகை அதுதான். இனி 96,60,000 + 81,400 + 120 = 97,41,520. பேப்பரில் பழைய முறையில் பெருக்கிப் பாருங்கள், அதே விடை வரும்.

ஒரு பெருக்கல் குறைந்தது, அதற்குப் பதிலாகச் சில கூட்டலும் கழித்தலும் கூடின. n இலக்க எண்களைக் கூட்டவும் கழிக்கவும் n அளவு வேலைதான் ஆகும். அது வினாத்தாளில் உள்ள + n. பெருக்கல்கள் மூன்று. அது வினாத்தாளில் உள்ள 3. எதற்கும் தொடர்பில்லாத சமன்பாடு போலத் தாளில் அச்சாகியிருந்தது உண்மையில் கரட்சூபாவின் பெருக்கல் முறைதான்.

இனி தீர்ப்போம். மரம் வரைவதுதான் எனக்குப் பிடித்த வழி, ஏனென்றால் அதில் காரணம் கண்ணுக்குத் தெரியும். n = 8 என்று வைத்துக்கொள்வோம். உச்சியில் 8 அளவுள்ள ஒரு கணக்கு, அங்கே பிரிக்கவும் சேர்க்கவும் ஆகும் வேலை 8. அடுத்த மட்டத்தில் 4 அளவுள்ள மூன்று கணக்குகள். ஒவ்வொன்றிலும் 4 வேலை, மொத்தம் 12. அதற்கடுத்து 2 அளவுள்ள ஒன்பது, மொத்தம் 18. அடிமட்டத்தில் 1 அளவுள்ள இருபத்தேழு, மொத்தம் 27. எல்லாவற்றையும் கூட்டினால் 65.

8, 12, 18, 27. ஒவ்வொரு மட்டமும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்கு. துண்டுகளின் எண்ணிக்கை மூன்று மடங்காகிறது, ஒவ்வொன்றின் அளவு பாதியாகிறது, ஆகவே 3/2. இதே மரத்தை மெர்ஜ் சார்ட்டுக்கு வரைந்தால் 8, 8, 8, 8 என்று எல்லா மட்டமும் சமமாக இருக்கும். அதனால்தான் அங்கே n-ஐ மட்டங்களின் எண்ணிக்கையான log n-ஆல் பெருக்கி n log n என்கிறோம். நான்கு பெருக்கல் முறைக்கு வரைந்தால் 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும். நமது மரம் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எல்லா மட்டமும் சமமாக இருந்தால்தான் log n-ஆல் பெருக்க வேண்டும். இங்கே எடை முழுவதும் கீழே இறங்கிவிட்டதால் அடிமட்டம்தான் விடையைத் தீர்மானிக்கிறது.

அடிமட்டத்தில் எத்தனை துண்டுகள்? n-ஐ k தடவை பாதியாக்கி 1-க்கு வந்தால், அதாவது n = 2^k என்றால், துண்டுகள் 3^k. இதை n-இல் சொல்ல வேண்டும். 3 என்பது 2-இன் எத்தனையாவது அடுக்கு? மடக்கை அட்டவணையைப் பார்த்தால் ஏறத்தாழ 1.585. அப்படியானால் 3^k என்பது 2^k-இன் 1.585-ஆவது அடுக்கு, அதாவது n-இன் 1.585-ஆவது அடுக்கு. இதையே துல்லியமாக n^(log₂ 3) என்று எழுதுகிறோம்.

மட்டங்களின் தொகை ஒரு பெருக்குத் தொடர். பள்ளியில் படித்த சூத்திரத்தைப் போட்டுச் சுருக்கினால் n இரண்டின் அடுக்காக இருக்கும்போது சரியான விடை இது:

T(n) = 3·n^(log₂ 3) − 2n

n = 8 போட்டால் 81 − 16 = 65. மரம் சொன்னதும் அதுதான். வளர்வீதத்தை இங்கிருந்து நேராகப் படித்துவிடலாம். n பெரிதாகும்போது 2n என்பது முதல் உறுப்புக்கு முன்னால் நிற்காது, முன்னால் உள்ள 3 வெறும் மாறிலி. மிஞ்சுவது Θ(n^(log₂ 3)), தோராயமாக n^1.585. அக்கா மகள் எழுதியிருக்க வேண்டிய விடை இதுதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று 1024 இலக்க எண்களில் பார்த்தால் தெரியும். நான்கு பெருக்கல் முறையில் T(1024) = 20,96,128. மூன்று பெருக்கல் முறையில் 1,75,099. ஏறத்தாழ பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு மட்டத்திலும் நான்கில் ஒரு பெருக்கலை மிச்சம் பிடித்தோம். பத்து மட்டம் இறங்குவதற்குள் அது இவ்வளவாகத் திரண்டுவிட்டது.

விடை சரியா என்று தேர்வறையிலேயே சோதிக்க ஒரு வழி இருக்கிறது, ஏனோ மாணவர்கள் இதைச் செய்வதில்லை. n-ஐ இரட்டித்துக்கொண்டே போய் T எத்தனை மடங்காகிறது என்று பாருங்கள். விடை n^p வடிவில் இருந்தால் அந்த மடங்கு 2^p-ஐ நெருங்க வேண்டும். நமது சமன்பாட்டில் n = 1, 2, 4, 8, 16, 32 எனப் போட்டால் வருவது 1, 5, 19, 65, 211, 665. அடுத்தடுத்த விகிதங்கள் 5, 3.8, 3.42, 3.25, 3.15. 512-லிருந்து 1024-க்குப் போகும்போது 3.02. எண் 3-ஐ நோக்கி இறங்குவது தெளிவாகத் தெரிகிறது. n log n சரியாக இருந்திருந்தால் இது 2-ஐ நோக்கிப் போயிருக்கும், n² என்றால் 4-ஐ நோக்கி. வீட்டில் கணினி இருந்தால் இரண்டே வரி போதும்:

```python
def T(n):
    return 1 if n == 1 else 3 * T(n // 2) + n
```

போட்டோவில் வரும் தாளுக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. மடிப்புக்கோடு சரியாக n/2-இன் மேல் விழுந்தால் சாய்கோடு மறைந்து n−2 போலத் தெரியும். கண்ணுக்குச் சின்ன வேறுபாடு, கணக்கில் மலையளவு வேறுபாடு. n−2 என்றால் கணக்கு பாதியாகவில்லை, இரண்டிரண்டாகத்தான் குறைகிறது. மரத்துக்கு log n மட்டங்களுக்குப் பதிலாக n/2 மட்டங்கள், ஒவ்வொன்றிலும் துண்டுகள் மும்மடங்கு. வளர்வீதம் 3^(n/2). n வெறும் 100 ஆக இருந்தாலே இது 24 இலக்க எண். அப்படி ஒரு விடை வந்தால், தொடக்க மதிப்புகளைப் பாருங்கள். இரண்டிரண்டாக இறங்கும் சமன்பாட்டுக்கு T(1) மட்டும் போதாது, இரட்டை எண்களுக்கு T(0) அல்லது T(2) கூடக் கொடுத்திருக்க வேண்டும். தாளில் T(1) = 1 மட்டும் இருந்தால் அது n/2-ஆக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

கடைசியில் உள்ள n-இன் தலைமேல் ஒரு சின்ன 2 இருக்கிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள். T(n) = 3T(n/2) + n² என்றால் மரம் தலைகீழாகிவிடும். n = 8-க்கு மட்டங்கள் 64, 48, 36, 27. ஒவ்வொன்றும் முந்தையதில் முக்கால் பங்குதான். எடை உச்சியில் இருக்கிறது, எவ்வளவு கீழே போனாலும் மொத்தம் 4n²-ஐத் தாண்டாது, விடை Θ(n²). அடிமட்டம் ஆள்கிறதா, எல்லா மட்டமும் சமமா, உச்சி ஆள்கிறதா என்ற இந்த மூன்று நிலைகளைத்தான் மாஸ்டர் தேற்றம் மூன்று பிரிவுகளாகச் சொல்கிறது. ஜான் பென்ட்லி, டோரதியா ஹேக்கன், ஜேம்ஸ் சாக்ஸ் மூவரும் 1980-இல் வெளியிட்ட முறை அது. மரத்தைப் புரிந்துகொண்டவருக்கு அந்தத் தேற்றத்தை மனப்பாடம் செய்யும் வேலையே இல்லை.

புரியாமல் மனப்பாடம் செய்தால் எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதற்குத் தேர்வுத்தாள் தயாரிப்பவர்கள் விரும்பிக் கேட்கும் சமன்பாடு ஒன்று உண்டு: T(n) = 2T(n/2) + n/log n. பாடநூலில் உள்ள மூன்று பிரிவுகளில் எதிலும் இது அடங்காது. சூத்திரத்தை மட்டும் வைத்திருப்பவர் ஏதாவது ஒரு பிரிவில் திணித்து n என்றோ n log n என்றோ எழுதிவிடுவார். மரத்தை வரைந்தால் விடை தானே வரும். n = 2^k என்றால் உச்சியில் n/k, அடுத்த மட்டத்தில் n/(k−1), அதற்கடுத்து n/(k−2), இப்படியே n/1 வரை. n-ஐ வெளியே எடுத்தால் மிஞ்சுவது 1 + 1/2 + 1/3 + … + 1/k. இத்தொகை k-இன் மடக்கை அளவுக்கு வளரும் என்பது தெரிந்த செய்தி. k என்பதே log n. ஆகவே விடை n log log n.

மதிப்பெண் போகும் இன்னொரு இடம் பிரதியிட்டு நிரூபிக்கும் பகுதி. விடை n^(log₂ 3) என்று தெரிந்துவிட்டது, தொகுத்தறிதல் முறையில் நிரூபி என்று கேட்பார்கள். T(n) ≤ c·n^(log₂ 3) என்று எடுத்துக்கொண்டு சமன்பாட்டில் போட்டால் வலப்பக்கம் c·n^(log₂ 3) + n என்று வந்து நிற்கும். அந்த + n போகவே போகாது, c-ஐ எவ்வளவு பெரிதாக எடுத்தாலும் போகாது. பலர் இங்கே "n சிறியது, விட்டுவிடலாம்" என்று எழுதி முடிப்பார்கள். திருத்துபவர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார், ஒப்புக்கொள்ளவும் கூடாது. நிரூபிக்க எடுத்துக்கொண்ட வடிவம் அப்படியே திரும்பி வந்தால்தான் அது நிரூபணம். ஊகத்தைக் கொஞ்சம் இறுக்கினால் வழி திறக்கும். T(n) ≤ c·n^(log₂ 3) − 2n என்று எடுங்கள். மூன்று பாதிகளிலிருந்தும் கழிபடுவது 3 × 2 × n/2 = 3n, கூட வருவது n, மிச்சம் − 2n. எடுத்துக்கொண்டது அப்படியே திரும்பிவிட்டது. அந்த − 2n எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டாம்; மேலே மரத்தைக் கூட்டிக் கண்ட சரியான விடையிலேயே அது இருக்கிறது.

வளர்வீதம் ஒரு விஷயத்தைச் சொல்லாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சின்ன எண்களுக்குக் கரட்சூபா முறை லாபமில்லை. பெருக்கல் ஒன்று குறைந்தாலும் கூட்டல், கழித்தல், துண்டுகளை எடுத்து வைத்தல் எல்லாம் நேரம் தின்னும். Θ குறி அந்த மாறிலிகளை மறைத்துவிடுகிறது. பைத்தான் மொழியில் முழு எண்களைப் பெருக்கும் நிரல் இதைக் கணக்கில் எடுத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. எண்ணை 30 பிட் துண்டுகளாக வைத்திருக்கும் அந்த நிரல், 70 துண்டுகள் வரை பள்ளிக்கூட முறையிலேயே பெருக்குகிறது; அதைத் தாண்டினால்தான் கரட்சூபாவுக்கு மாறுகிறது. நமது கணக்கில் அது ஏறத்தாழ 630 இலக்கம். பாதியாக்கிக்கொண்டே போகும்போதும் 1 வரை இறங்குவதில்லை, அந்த எல்லைக்கு வந்ததும் நின்றுவிடுகிறது.

கரட்சூபாவின் முறை 1962-இல் சோவியத் அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. அதை எழுதி அனுப்பியவர் கல்மகோரவ் என்றும், அச்சான பிரதிகள் வந்தபோதுதான் தமக்கே தெரியும் என்றும் கரட்சூபா பின்னாளில் எழுதினார். தம் ஊகம் பொய்யானதை மறைக்காமல் அடுத்த கூட்டத்திலேயே மாணவனின் முறையை விளக்கிவிட்டுக் கருத்தரங்கை முடித்துக்கொண்டவர் கல்மகோரவ். அதற்குப் பிறகு அடுக்கு இறங்கிக்கொண்டே வந்தது. எண்ணை இரண்டுக்குப் பதில் இன்னும் அதிகத் துண்டுகளாகப் பிரிக்கும் முறையை அந்திரேய் தோம் 1963-இல் கொடுத்தார். 1971-இல் ஷான்ஹாகேவும் ஸ்ட்ராசனும் வேறொரு வழியில் n log n-க்கு மிக அருகில் வந்தார்கள். 2019-இல் டேவிட் ஹார்வியும் யோரிஸ் வான் டெர் ஹூவனும் n log n-ஐயே எட்டிவிட்டார்கள். அதற்குக் கீழே இறங்க முடியாது என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.